பரீட்சை இரண்டு மணிக்கு இல்லை

காரைக்காலிலிருந்து இந்த ஆண்டு நீட் எழுதப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்துப் போகும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே, பெற்றோரே,

நான் முப்பது ஆண்டுக்கும் மேல் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். பொதுத்தேர்வு, நுழைவுத் தேர்வு, வேலைக்கான தேர்வு என்று பல தேர்வுகளில் அறைக் கண்காணிப்பாளராக இருந்திருக்கிறேன். இயற்பியலையும் உயிரியலையும் உங்களுக்குச் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேர்வு மையத்தின் கேட்டைப் பற்றி யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேட்டுக்கு உள்ளே நின்று நான் பார்த்த ஒரு மதியத்திலிருந்து தொடங்குகிறேன். ஊர், மையம், ஆண்டு எதுவும் வேண்டாம். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் பன்னிரண்டே காலுக்கே வந்துவிட்டார்கள். கேட் மூட இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. வரிசையில் நின்று மேசைக்கு வந்தபோதுதான், ஒட்டிக் கொண்டுவர வேண்டிய அஞ்சலட்டை அளவுப் புகைப்படம் கையில் இல்லை என்று தெரிந்தது. அப்பா மகளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்டூடியோ தேடிப் போனார். ஞாயிற்றுக்கிழமை. முதல் கடை பூட்டியிருந்தது, இரண்டாவதும் பூட்டியிருந்தது. மூன்றாவது கடைக்காரரை வீட்டிலிருந்து கூப்பிட்டுத் திறக்க வைத்தார்கள். படத்தோடு திரும்பி வந்தபோது மணி 1.34. கேட் சாத்தியிருந்தது.

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சார், பரீட்சை ரெண்டு மணிக்குத்தானே?”

அவள் சொன்னது சரிதான். வினாக்களுக்கு விடை எழுதத் தொடங்கும் நேரம் இரண்டு மணி. ஆனால் அவளுடைய பரீட்சை ஒன்றரை மணிக்கே முடிந்துவிட்டது.

ஹால் டிக்கெட்டில் மூன்று நேரங்கள் அச்சாகி வருகின்றன. பெரும்பாலான வீடுகளில் கடைசி நேரம் மட்டுமே மனதில் நிற்கிறது. முதலாவது, மையத்துக்கு வந்து சேர வேண்டிய நேரம். இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 11 மணி என்றிருக்கலாம், உங்களுக்கு 12 என்றிருக்கலாம். இரண்டாவது, கேட் மூடும் நேரம். நீட் தேர்வில் இது எல்லோருக்கும் பிற்பகல் 1.30. மூன்றாவது, தேர்வு தொடங்கும் நேரமான 2.00 மணி.

முதல் நேரத்தைத் தவறவிட்டால் வரிசை நீளும், வேர்க்கும், பதற்றம் கூடும். ஆனாலும் கேட் திறந்திருக்கும் வரை உள்ளே போகலாம். இரண்டாவது நேரத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டே போய்விடும். மூன்றாவது நேரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை, ஏனென்றால் அதற்குள் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் நேரத்தை ஏன் ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்கிறார்கள் என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். ஒரு அறைக்கு 24 பேர், இருபது அறைகள் என்று ஒரு மையத்தை வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 பேர். ஒவ்வொருவரையும் உலோகக் கருவியால் சோதிக்க வேண்டும், ஹால் டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், அசல் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், விரல் ரேகையும் முகமும் பதிய வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும், நான்கு மேசை போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும். விரல் ரேகை பதியாமல் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு மூன்று நான்கு நிமிடம் போகும். இத்தனை பேரும் “ஒன்றரைக்குத்தானே மூடுகிறார்கள்” என்று ஒரு மணிக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 11 மணிக்கே கேட்டைத் திறப்பது இதற்காகத்தான்.

அடுத்து, இரண்டு மணிக்கு நடக்கும் தேர்வுக்கு ஒன்றரை மணிக்கே ஏன் மூட வேண்டும் என்ற கேள்வி. கேட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த அரை மணி நேரம் வெறும் பிடிவாதமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அதைவிட வேலை நெருக்கும் நேரம் வேறு இல்லை. கடைசியாக வந்தவர்களைச் சோதித்து அறைக்கு அனுப்ப வேண்டும். அறையில் ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் மறுபடி ஒப்பிட வேண்டும். 1.45க்கு முத்திரையிட்ட வினாத்தொகுப்பு கைக்குக் கை போகும். 1.50க்கு அதன் மேல் விவரங்களை எழுதச் சொல்வார்கள். வினாத்தொகுப்பின் குறியீடும் விடைத்தாளின் குறியீடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வராதவரின் தொகுப்பு பிரிக்கப்படாமல் தனியாக வைக்கப்படும், அவர் பெயருக்கு எதிரே வரவில்லை என்று குறிக்கப்படும். வந்தவர், வராதவர், கொடுத்த தொகுப்பு, மீந்த தொகுப்பு ஆகிய நான்கு எண்களும் கணக்கில் நேராக வர வேண்டும்.

இதற்கு நடுவில் ஒருவரை உள்ளே விட்டால் அந்தக் கணக்கு அத்தனையும் கலைந்துபோகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. வினாத்தொகுப்பு பிரிந்த பிறகு வெளியிலிருந்து எவரும் உள்ளே வரக்கூடாது, உள்ளிருந்து எவரும் வெளியே போகவும் கூடாது. இந்த இரண்டில் ஒன்று நடந்தாலும் வினா கசிந்தது என்ற சந்தேகத்துக்கு இடம் கொடுத்ததாகும். அதனால் கேட்டில் நிற்கும் காவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும், அவருக்கு மனமிருந்தாலும், கதவைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவருக்குத் திறந்தால் மற்ற மையங்களில் திருப்பி அனுப்பப்பட்ட அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இது நீட் தேர்வின் தனி வழக்கம் அல்ல. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் முன்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை விட்டார்கள். இப்போது அரை மணி நேரம் முன்பே, காலைத் தாளுக்கு 9 மணிக்கும் பிற்பகல் தாளுக்கு 2 மணிக்கும் மூடிவிடுகிறார்கள். தமிழ்நாடு தேர்வாணையத்தின் தேர்வுகளில் 9.30க்குத் தொடங்கும் தாளுக்கு 8.30க்கு வரச் சொல்கிறார்கள். 9 மணி வரை சலுகை நேரம், அதற்குமேல் இல்லை. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் 10.30க்கு எழுதத் தொடங்க 10 மணிக்குள் மையத்தில் இருக்க வேண்டும். நம் காரைக்கால் அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால், இந்த அரை மணிக் கணக்கு உங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பழகியிருக்கும். அதே பழக்கத்தை நீட்டுக்கும் கொண்டு வாருங்கள்.

தாமதமாகப் போனால் நீதிமன்றம் காப்பாற்றாதா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. 2025 மே 13 அன்று மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வந்த டெல்லி மாணவி ஒருவர் 8.36க்கு மையத்தை அடைந்தார். தேர்வு 9 மணிக்கு, கேட் மூடும் நேரம் 8.30. ஆறு நிமிடத் தாமதம். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். அவருடைய மேல்முறையீட்டை இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்தது. இத்தனை லட்சம் பேர் எழுதும் தேர்வில் கேட் மூடும் நேரத்தை ஒருவருக்காகத் தளர்த்தினால் ஒழுங்கு குலையும் என்பதே தீர்ப்பின் சாரம். ஆறு நிமிடத்துக்கும் அறுபது நிமிடத்துக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் இல்லை.

விதிவிலக்கு கிடைத்த நிகழ்வும் ஒன்று உண்டு. அது எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 2019 மே 5 அன்று வட கர்நாடகத்திலிருந்து பெங்களூருக்கு நீட் எழுதக் கிளம்பிய நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஹம்பி எக்ஸ்பிரஸில் இருந்தார்கள். காலையில் சேர வேண்டிய வண்டி பிற்பகலில்தான் பெங்களூரை அடைந்தது. அவர்களுக்கு மே 20 அன்று மறுதேர்வு நடந்தது. ஃபானி புயலால் தேர்வு தள்ளிவைக்கப்பட்ட ஒடிசா மாணவர்களும் அதே நாளில்தான் எழுதினார்கள். அரசு நடத்தும் ரயில் தாமதமானது, நூற்றுக்கணக்கானோர் ஒரே வண்டியில் இருந்தது, அது ரயில்வேயின் பதிவேட்டிலேயே இருந்தது ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அந்த வாய்ப்பு கிடைத்தது. உங்கள் கார் டயர் பஞ்சரானதற்கு அப்படி நடக்காது. அப்படியே பொது வாகனத் தாமதத்தில் மாட்டிக்கொண்டாலும், பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், உடன் வந்த மாணவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஹால் டிக்கெட்டில் உள்ள உதவி எண்ணுக்கு வழியிலிருந்தே தகவல் சொல்லுங்கள்.

தென்கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வன்று அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கின்றன, தாமதமாகும் பிள்ளைகளைக் காவல் துறை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறது. அங்கும் கேட் மூடும் நேரம் மாறுவதில்லை. நேரத்தை அசைக்க முடியாது என்பதால்தான் ஊரே அசைந்து கொடுக்கிறது. நமக்காக ஊர் அசையும் நாள் வரும் வரை நாம்தான் முன்கூட்டிக் கிளம்ப வேண்டும்.

அதிலும் நம் ஊரின் இருப்பு வேறு மாதிரி. ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நம் தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் நண்டலாற்றைத் தாண்டி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று சுமார் 130 கிலோமீட்டர் இன்னொரு மாநிலத்தின் வழியே போக வேண்டும். பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகர் ஒரு மணி நேரத்தில் வரும். மையம் புதுச்சேரியிலோ தஞ்சாவூரிலோ விழுந்தால் நமக்கு அது ஒரு பயணம்.

நெடுங்காட்டுப் பெண் ஒருத்திக்குப் புதுச்சேரி நகரில் மையம் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அன்றைக்கே கிளம்பிப் போவதாக வீட்டில் முடிவு. ஹால் டிக்கெட்டில் அவள் வர வேண்டிய நேரம் 11.30 என்றிருக்கிறது. கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 11.30க்குக் கேட் முன்னால் நிற்க வேண்டுமானால், பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து மையத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் வையுங்கள். அப்படியானால் 10.45க்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். நான்கு மணி நேரம் கழித்தால் 6.45க்குக் காரைக்காலில் பேருந்து ஏற வேண்டும். வழியில் நான்குவழிச் சாலை வேலை நடக்கும் இடங்கள், ரயில்வே கேட், கடலூர் நெரிசல், முகூர்த்த நாளாக இருந்தால் கல்யாண வேன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள். 5.45 ஆகிறது. நெடுங்காட்டிலிருந்து காரைக்காலுக்கு வரவும் பேருந்துக்குக் காத்திருக்கவும் முக்கால் மணி. ஆக, காலை 5 மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

வழியில் ஒரு குறியும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 5.45க்குக் கிளம்பிய பேருந்து 7.30 வாக்கில் சிதம்பரத்தைத் தொட வேண்டும். 8.30 ஆகியும் தொடவில்லையென்றால், சும்மா வைத்த ஒரு மணி நேரம் கரைந்துவிட்டது என்று பொருள். அப்போது “பார்த்துக்கலாம்” என்று உட்கார்ந்திருக்காமல், சிதம்பரம் வந்ததும் இறங்கி வாடகை வண்டி பிடிக்க வேண்டும். சிதம்பரத்தில் வண்டி கிடைக்கும், வழியில் வயல் நடுவே நின்றுவிட்டால் கிடைக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கணக்கே வேண்டாம் என்பேன். விடியற்காலையில் எழுந்து ஐந்தாறு மணி நேரம் அலைந்து, அக்னி நட்சத்திர வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளை, இரண்டு மணிக்கு 180 கேள்விகளின் முன் எப்படி உட்காரும்? வெளியூரில் மையம் விழுந்தால் சனிக்கிழமையே போய்விடுங்கள். சொந்தக்காரர் வீடோ சின்ன லாட்ஜோ போதும். போனதும் முதல் வேலையாக மையத்தின் கேட் வரை நடந்து போய்க் கண்ணால் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊர்கள் உண்டு. ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, பழைய வளாகம், புதிய வளாகம் என்று இருக்கும். மையத்தின் எண்ணையும் முழு முகவரியையும் ஒப்பிடாமல் பெயரை மட்டும் ஆட்டோக்காரரிடம் சொன்னால் ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேரலாம்.

நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. காரைக்கால், காரைக்குடி. புதுச்சேரி, புதுக்கோட்டை. ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலவே தொடங்கும் பெயர்கள். விண்ணப்பத்தில் தேர்வு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றுக்கு இன்னொன்று மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணினி மையத்தில் யாரோ நிரப்பித் தந்த விண்ணப்பமாக இருந்தால், ஊர்ப் பெயரை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஹால் டிக்கெட்டுக்கு முன்பே எந்த ஊர் என்று சொல்லும் சீட்டு இணையத்தில் வரும். 2025இல் அது ஏப்ரல் 23 அன்று வந்தது, ஹால் டிக்கெட் ஏப்ரல் 30 அன்று வந்தது, தேர்வு மே 4 அன்று நடந்தது. ஹால் டிக்கெட்டுக்குப் பிறகு கையில் நான்கே நாள். அதனால் ஊர்ச் சீட்டு வந்த அன்றே பயணத்தை முடிவு செய்துவிடுங்கள்.

உள்ளூரில் மையம் விழுந்தவர்களும் நிம்மதியாகி இந்த மடலைப் படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்திலேயே வீடு இருந்து தாமதமானவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண் தூரத்தால் தாமதமாகவில்லை, ஒரு புகைப்படத்தால் தாமதமானாள். ஆகவே சனிக்கிழமை இரவு ஒரு ஒளிபுகும் உறையில் இவற்றை வையுங்கள்: ஹால் டிக்கெட்டின் எல்லாப் பக்கங்களும் அச்சாகி, உறுதிமொழிப் பகுதி நிரப்பி, அதில் கேட்ட இடங்களில் புகைப்படம் ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்தது. கண்காணிப்பாளர் முன் போட வேண்டிய கையெழுத்தை மட்டும் போடாமல் விடுங்கள். அசல் அடையாள அட்டை. விண்ணப்பத்தில் ஏற்றிய அதே புகைப்படத்தின் இன்னொரு பிரதி. எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ், அது அப்பாவின் பையில் இருக்கட்டும்.

உடையிலும் நேரம் போகும். ஷூ வேண்டாம், செருப்பு போதும். பெரிய பொத்தானும் நீளக் கையும் உள்ள சட்டை வேண்டாம். சமய வழக்கப்படி உடை அணிந்து வரும் பெண்களைத் தேர்வு முகமை தடுப்பதில்லை, சோதனைக்கு நேரம் தேவைப்படும் என்பதால் முன்கூட்டி வரச் சொல்கிறது. நம் காரைக்காலில் அப்படி வரும் பிள்ளைகள் நிறைய. உங்களுக்குச் சொல்கிறேன், ஹால் டிக்கெட்டில் எந்த நேரம் போட்டிருந்தாலும் 12.30க்கு மேல் தள்ளாதீர்கள். கேட் திறந்ததும் முதல் பத்துப் பேரில் ஒருவராக நில்லுங்கள். அப்போது சோதிப்பவருக்கும் அவசரம் இருக்காது, உங்களுக்கும் கூச்சம் இருக்காது.

வரிசையில் நிற்கும்போது ஏதேனும் குறை கண்டுபிடித்தால், பிள்ளை வரிசையை விட்டு வெளியே வர வேண்டாம். ஓட வேண்டியது பெற்றோர். முடிந்தால் இரண்டு பெரியவர்கள் போங்கள், ஒருவர் ஓடுவதற்கு, ஒருவர் கேட்டருகில் நிற்பதற்கு. அன்று அந்த அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் கேட்டுக்குள் நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தால், 1.34க்கு வந்த புகைப்படத்தைக் கம்பி வழியே வாங்கியிருக்க முடியுமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகும் கேட் சாத்திவிட்டால், சுவரேறாதீர்கள், கேட்டைத் தள்ளாதீர்கள், அங்கே படம் எடுக்கும் கைபேசிகளுக்கு முன்னால் பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். போகும் வழியில் ஒரு சொல்லாலும் குத்தாதீர்கள். கட்டணம் திரும்பாது, அந்த ஆண்டு வேறு தேதியும் கிடையாது. ஆனால் நீட் தேர்வுக்கு மேல் வயது வரம்பு இல்லை, அடுத்த ஆண்டும் எழுதலாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இன்றிலிருந்து தேர்வு நாள் வரை சித்தப்பா கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், கடைக்காரர் கேட்பார்: “பரீட்சை எத்தனை மணிக்கு?” நீங்கள் எல்லோரும் ஒரே பதில் சொல்லுங்கள். “ஒன்றரை மணிக்கு.” வீட்டில் பத்து நாள் அப்படிச் சொல்லிப் பழகினால், கிளம்பும் நேரம் தானாக அதற்கேற்ப மாறிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணியைப் பற்றிக் கேட்கும் குரல் நம் ஊரிலிருந்து இன்னொன்று எழக்கூடாது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோட்டுச்சேரி, காரைக்கால்